கிலோவுக்கு எத்தனை ரூபாய் கேட்டால் கையைக் கடிக்காது?

அரியாங்குப்பத்தில் சலவைக்கூடம் வைத்திருக்கும் நண்பர் ஒருவர், புதுச்சேரியில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையின் டெண்டர் படிவத்தோடு சென்ற மாதம் என் அலுவலகத்துக்கு வந்திருந்தார். படுக்கை விரிப்பு, போர்வை, நோயாளிகளின் சீருடை, அறுவை அரங்கின் பச்சைத் துணி என ஆண்டுக்கு ஏறத்தாழ 1,20,000 கிலோ துணியைத் துவைத்துத் தேய்த்துத் தர வேண்டும். ஒப்பந்தம் நான்கு ஆண்டுகளுக்கு. கிலோவுக்கு ஒரே விலை, இடையில் ஏற்றித் தரமாட்டார்கள். படிவத்தின் ஓரத்தில் அவர் பென்சிலால் 27 என்று எழுதி, அதைச் சுற்றி ஒரு வட்டமும் போட்டிருந்தார்.

அந்த 27 வந்த வழி எளியது. துவைக்க ஆகும் செலவு கிலோவுக்கு 20 ரூபாய். புதிதாக வாங்க வேண்டிய இயந்திரங்களுக்கு 30 லட்சம் ஆகும். நான்கு ஆண்டு கழித்து விற்றால் 8 லட்சம் வரும். ஆகவே தேய்மானம் 22 லட்சம், ஆண்டுக்கு ஐந்தரை லட்சம், கிலோவுக்கு 4 ரூபாய் 58 காசு. இரண்டையும் கூட்டி அதன் மேல் பத்து சதவீத லாபம் வைத்தால் 27 ரூபாய் 4 காசு. “நாலு காசை விட்டுட்டு 27-னு போட்டுடலாமாண்ணே?” என்று கேட்டார். பத்து சதவீத லாபம் வைத்த விலையில் நட்டம் எப்படி வரும் என்பதே அவருடைய எண்ணம். வரும் என்பதையும், எந்த விலைக்குக் கீழே போனால் வரும் என்பதையும் காட்டுவதே இந்தக் கட்டுரையின் வேலை.

அந்த எல்லை விலையை இங்கே அடி விலை என்று அழைப்போம். போட்டியில் வேலையைப் பிடிப்பதற்காகச் சிலர் எழுதும் அடிமாட்டு விலை வேறு, இது வேறு. ஒப்பந்தத்தில் போடும் பணத்தையும் அதிலிருந்து வரும் பணத்தையும் இன்றைய மதிப்புக்கு மாற்றி, வருவதிலிருந்து போவதைக் கழித்தால் மீதி சரியாகச் சுழியாக நிற்கும் விலையே அடி விலை. அந்த மீதிக்கு நிகர நிகழ்கால மதிப்பு என்று பெயர். கணக்காளர்கள் பேச்சில் என்.பி.வி. என்பார்கள். மீதி சுழி என்றதும் லாபமே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. போட்ட பணத்துக்கு நாம் வேண்டும் என்று நிர்ணயித்த வருவாய் முழுவதும் கிடைத்த பிறகு, அதற்கு மேலும் இல்லை, கீழும் இல்லை என்பதே அந்தச் சுழியின் பொருள்.

அந்த வருவாய் விகிதத்தை முதலில் முடிவு செய்ய வேண்டும். நண்பர் பாதிப் பணத்தை வங்கியில் வாங்குகிறார், பாதியைக் கையிலிருந்து போடுகிறார். இரண்டையும் சேர்த்துப் பார்த்து, வரி போக ஆண்டுக்கு 14 சதவீதம் வந்தால்தான் இந்த வேலையில் பணத்தை முடக்குவது தகும் என்று முடிவு செய்தோம். அப்படியானால் இன்றைய 100 ரூபாய் ஓராண்டில் 114 ஆக வேண்டும். மறுதலையாக, ஓராண்டு கழித்து வரும் 100 ரூபாய்க்கு இன்றைய மதிப்பு 87 ரூபாய் 72 காசுதான். நான்காம் ஆண்டின் முடிவில் வரும் 100 ரூபாயோ இன்றைக்கு 59 ரூபாய் 21 காசு மட்டுமே பெறும். வங்கி வட்டி இந்த 14 சதவீதத்துக்குள்ளேயே அடங்கிவிட்டதால், மாதத் தவணையையோ வட்டியையோ செலவுப் பட்டியலில் மறுபடியும் எழுதக் கூடாது. புதிதாக இந்தக் கணக்கைப் போடுகிறவர்கள் பெரும்பாலும் வழுக்கி விழுவது இங்கேதான். வட்டியை இருமுறை எண்ணி விலையை வீணாக உயர்த்திவிட்டு, டெண்டர் கைநழுவிப் போன பிறகு காரணம் தெரியாமல் நிற்பார்கள்.

அடுத்து, எந்தப் பணத்தைக் கணக்கில் எடுப்பது என்ற கேள்வி. ஒப்பந்தம் கிடைத்தால் மாறும் பணத்தை மட்டுமே எடுக்க வேண்டும். துவைத்துப் பிழியும் பெரிய இயந்திரம், டிரையர், சிறு பாய்லர், கடலோரத்து உப்புத் தண்ணீரை மென்மையாக்கும் சாஃப்ட்னர் ஆகியவை சேர்ந்து 30 லட்சம். இவை இந்த ஒப்பந்தத்துக்காகவே வாங்கப்படுபவை. ஆண்டுச் செலவு 24 லட்சம். அதில் கூலி முதலிய நிலையான செலவு 9 லட்சம், மின்சாரம், எரிபொருள், சோப்பு, வேன் ஓட்டம் என்று துணியின் எடையோடு ஏறி இறங்கும் செலவு 15 லட்சம். மருத்துவமனையை ஏற்கெனவே சுற்றிப் பார்த்து, துணியை எடை போட்டு, ஆலோசகருக்குக் கொடுத்த 45,000 ரூபாயை நண்பர் பட்டியலில் எழுதியிருந்தார், அதை அடித்துவிட்டோம். டெண்டர் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அந்தப் பணம் திரும்பப் போவதில்லை. இதற்கு நேர்மாறாக, சொந்தக் கொட்டகை என்பதால் அதற்கு அவர் எதுவும் எழுதாமல் விட்டிருந்தார். அந்தக் கொட்டகையை மாதம் 10,000 ரூபாய்க்குக் கேட்டு ஒருவர் அலைந்துகொண்டிருக்கிறார். இந்த வேலையை எடுத்தால் அந்த வாடகை போய்விடும். எனவே அது செலவுதான். ஆண்டுக்கு 1,20,000 ரூபாய், அதாவது கிலோவுக்குச் சரியாக ஒரு ரூபாய். நல்லவேளையாக, மற்றொரு தலைப்பில் அவர் கூடுதலாக எழுதியிருந்த அதே அளவு தொகை வெட்டுப்பட்டதால், 24 லட்சம் என்ற கூட்டுத் தொகை மாறவில்லை.

இன்னொன்று, பில் பணம் வரும் காலம். மருத்துவமனை 60 நாள் கழித்துப் பணம் தரும். ஆள் கூலியும் கரண்ட் பில்லும் 60 நாள் காத்திருக்காது. ஆகவே இரண்டு மாதச் செலவான 4 லட்சம் ரூபாயைத் தொடக்கத்திலேயே போட்டு வைக்க வேண்டும். கடைசி பில் வசூலானதும் அது திரும்பி வரும். இந்த நடைமுறை மூலதனம் திரும்பி வரும் பணம் என்பதால் அதைச் செலவாகக் கருதாமல் பலர் விட்டுவிடுகிறார்கள். ஆனால், இன்று போகும் 4 லட்சத்துக்கும் நான்கு ஆண்டு கழித்து வரும் 4 லட்சத்துக்கும் இடையே, இன்றைய மதிப்பில், 1 லட்சத்து 63 ஆயிரம் ரூபாய் வேறுபாடு இருக்கிறது.

வழக்கமாக என்.பி.வி. கணக்கில் விலை தெரிந்திருக்கும், மீதியைக் கண்டுபிடிப்போம். இங்கே மீதி சுழி என்பது தெரியும், விலையைக் கண்டுபிடிக்க வேண்டும். எனவே கணக்கைத் தலைகீழாக நடத்துகிறோம். வரியைச் சற்று ஒதுக்கிவைத்துத் தொடங்குவோம். இன்று வெளியே போவது 30-ம் 4-ம் சேர்ந்து 34 லட்சம். நான்காம் ஆண்டின் முடிவில் இயந்திரம் விற்ற 8 லட்சமும் திரும்பிய 4 லட்சமும் சேர்ந்து 12 லட்சம் வரும். அதன் இன்றைய மதிப்பு 7.10 லட்சம். ஆக, நான்கு ஆண்டு வருமானத்திலிருந்து ஈடுகட்ட வேண்டியது, இன்றைய மதிப்பில், 26.90 லட்சம். ஆண்டுக்கு 1 ரூபாய் வீதம் நான்கு ஆண்டு கிடைப்பதன் இன்றைய மதிப்பு, 14 சதவீதத்தில், 2 ரூபாய் 91 காசு. 26.90-ஐ 2.91-ஆல் வகுத்தால் சுமார் 9.23 லட்சம் வருகிறது. செலவு போக ஒவ்வோர் ஆண்டும் கையில் நிற்க வேண்டிய தொகை இதுதான். கணினியில் எக்செல் வைத்திருப்பவர்கள் இவ்வளவையும் ஒரே வரியில் எழுதலாம்:

```
=PMT(14%,4,-34,12)
```

விடை 9.23. இதனோடு ஆண்டுச் செலவு 24 லட்சத்தைக் கூட்டினால் 33.23 லட்சம்; 1,20,000 கிலோவால் வகுத்தால் கிலோவுக்கு 27 ரூபாய் 69 காசு.

நண்பர் இந்த இடத்தில் நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார். வரியைச் சேர்க்காத நிலையிலேயே அடி விலை, அவருடைய 27 ரூபாய் 4 காசைத் தாண்டிவிட்டது. கிலோவுக்கு 65 காசுக் குறைவு பார்க்கச் சிறியது. ஆனால் ஆண்டுக்கு 78,000 ரூபாய், நான்கு ஆண்டுக்கும் இன்றைய மதிப்பில் 2.27 லட்சம் ரூபாய் பள்ளம். தேய்மான வழிக் கணக்கு எங்கே தவறியது? 22 லட்சத்தை நான்காகப் பங்கிட்டபோது, முதல் நாளே போட்ட பணமும் நான்காம் ஆண்டில் வரும் பணமும் ஒரே எடை உடையவை என்று அது எடுத்துக்கொண்டது. அதை ஈடுகட்ட வைத்த பத்து சதவீதமோ செலவின் மீது வைக்கப்பட்டது, முடங்கிய பணத்தின் மீது அல்ல. இயந்திரம் அதிகம் வேண்டாத வேலையில் அந்தப் பத்து சதவீதம் தாராளமாகவே இருக்கலாம்; பணத்தைத் தொடக்கத்திலேயே விழுங்கும் இத்தகைய வேலையில் அது போதவில்லை.

இனி வரி. கூட்டாண்மை நிறுவனம் என்பதால் வருமான வரி 30 சதவீதம். மேலே வரும் செஸ்ஸைக் கணக்கு எளிமைக்காக விட்டுவிடுவோம். ஜி.எஸ்.டி. தனியே வாங்கிக் கட்டுவது. கிலோ விலைக்குள் அதைக் கொண்டுவரத் தேவையில்லை. வரி இரண்டு வழியில் கணக்கைத் தொடுகிறது. ஒன்று, சம்பாதிக்கும் ஒவ்வொரு ரூபாயிலும் 70 காசுதான் மிஞ்சும். மற்றொன்று, தேய்மானம் வரியைக் குறைக்கும். தேய்மானம் பணமாக வெளியே போவதில்லை. ஆனால் லாபத்திலிருந்து கழிக்கப்படுவதால் அதன் 30 சதவீதம் வரியில் மிச்சமாகிறது.

நம் வருமான வரி விதிகளில் இத்தகைய இயந்திரங்களுக்குப் பொதுவாக 15 சதவீதம், அதுவும் ஒவ்வோர் ஆண்டும் எஞ்சிய மதிப்பின் மீது. ஆகவே முதல் ஆண்டு 4.50 லட்சம், இரண்டாம் ஆண்டு 3.83, மூன்றாம் ஆண்டு 3.25 லட்சம். நான்காம் ஆண்டின் முடிவில் 8 லட்சத்துக்கு விற்கும்போது, அந்தத் தொகை எஞ்சிய மதிப்பிலிருந்து கழிக்கப்பட்டு, மீதியின் மீது 1.56 லட்சம் கிடைக்கும். நண்பரிடம் இதே வகையில் வேறு இயந்திரங்களும் இருப்பதால் அதற்குப் பிறகும் சிறுகச் சிறுகத் தேய்மானம் தொடரும். அந்த வாலை நான் வெட்டிவிட்டேன், அதனால் அடி விலை ஓரிரு படி பாதுகாப்பான பக்கமே சாயும். இவரிடம் வேறு இயந்திரமே இல்லை என்றால் கதை வேறு: விற்ற பின் எஞ்சும் தொகை மூலதன நட்டமாகிவிடும், அதை வியாபார வருமானத்தோடு ஈடுசெய்ய முடியாது.

நான்கு ஆண்டின் வரி மிச்சம் முறையே 1.35, 1.15, 0.98, 0.47 லட்சம், இன்றைய மதிப்பில் எல்லாம் சேர்ந்து 3 லட்சம். முன்பு ஈடுகட்ட வேண்டியதாக இருந்த 26.90 லட்சம் இப்போது 23.89 லட்சமாகக் குறைகிறது. 2.91-ஆல் வகுத்தால் ஆண்டுக்கு 8.20 லட்சம். ஆனால் இது வரி போக மிஞ்ச வேண்டிய தொகை. வரிக்கு முன் எவ்வளவு வேண்டும் என்று அறிய 0.70-ஆல் வகுக்க வேண்டும்; 30 சதவீதத்தைக் கூட்டினால் தவறு, அது இன்னொரு பழைய பள்ளம். 8.20-ஐ 0.70-ஆல் வகுத்தால் 11.71 லட்சம், செலவு 24 லட்சம் சேர்ந்து 35.71 லட்சம், கிலோவுக்கு 29 ரூபாய் 76 காசு.

இந்த விலை சரிதானா என்று பார்க்க, ஒப்பந்தத்தையே ஒரு கடன்காரராக எண்ணிக்கொண்டு, 14 வட்டிக்கு 34 லட்சம் கொடுத்ததாகப் பற்று எழுதிப் பாருங்கள். என்.பி.வி. என்ற சொல்லே பிடிபடாதவர்களுக்கும் இது விளங்கிவிடுகிறது. முதல் ஆண்டின் முடிவில் கடன் வட்டியோடு 38.76 லட்சம் ஆகிறது. வருமானமும் வரி மிச்சமும் சேர்ந்து 9.55 வரவு, பாக்கி 29.21. இரண்டாம் ஆண்டு அது 33.30 ஆகி, 9.35 வரவு வைத்துப் பாக்கி 23.95. மூன்றாம் ஆண்டு 27.31 ஆகி, 9.18 வரவு வைத்துப் பாக்கி 18.13. நான்காம் ஆண்டு அது 20.67 லட்சமாக வளர்ந்து நிற்கும்போது, அந்த ஆண்டின் வருமானம் 8.20, வரி மிச்சம் 0.47, இயந்திரமும் மூலதனமும் திரும்பிய 12 லட்சம், ஆக 20.67 லட்சம் வந்து பேரேடு நேராகிறது. கிலோவுக்கு ஒரு ரூபாய் குறைத்து எழுதியிருந்தால், கடைசிப் பக்கத்தில் பாக்கி நின்றிருக்கும். கேட்டு வாங்க எதிரே ஆளும் இருக்காது.

இவ்வளவும் செலவு நான்கு ஆண்டும் 24 லட்சமாகவே நிற்கும் என்ற எண்ணத்தில் போட்டது. நிலையான விலை ஒப்பந்தத்தில் விலைதான் நிற்கும், செலவு நிற்காது. ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறும் என்று கொண்டால் 24 லட்சம் அடுத்தடுத்து 25.44, 26.97, 28.58 லட்சம் ஆகும். கூடுதலாகப் போகும் 1.44, 2.97, 4.58 லட்சங்களின் இன்றைய மதிப்பு 5.82 லட்சம், அதை 2.91-ஆல் வகுத்தால் ஆண்டுக்கு 2 லட்சம். கிலோவுக்கு 1 ரூபாய் 67 காசு. கூடுதல் செலவும் அதை ஈடுகட்டும் விலையும் ஒரே விகிதத்தில் வரிக்கு உட்படுவதால் இங்கே 0.70 தேவையில்லை. அடி விலை 31 ரூபாய் 43 காசு ஆகிவிட்டது.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. முதல் ஆண்டில் 31.43 ரூபாய்க்குத் துவைக்கும்போது லாபம் கொழிப்பதுபோல் தோன்றும். நான்காம் ஆண்டில் அதே விலை இறுக்கும். முன்னால் வந்த அந்தக் கூடுதல் பணம் பின்னால் வரும் செலவுக்கானது. முதல் ஆண்டு லாபத்தைப் பார்த்து வேறு எதிலாவது முடக்கிவிட்டு, மூன்றாம் ஆண்டிலிருந்து மருத்துவமனையோடு விலைக்காகச் சண்டை பிடிக்கும் ஒப்பந்தக்காரர்களை நான் பார்த்திருக்கிறேன். சண்டையில் அவர்கள் பக்கம் நியாயம் இருப்பதில்லை.

பணம் தாமதமாவதன் விலையையும் இதே வழியில் கண்டுபிடிக்கலாம். காகிதத்தில் 60 நாள் என்று இருந்து, நடப்பில் 120 நாள் ஆனால், இன்னொரு 4 லட்சம் முடங்கும். அதன் சுமை 1.63 லட்சம், 2.91-ஆலும் பிறகு 0.70-ஆலும் வகுத்து, கிலோவுக்குப் பிரித்தால் 67 காசு. ஆகவே டெண்டர் எழுதுவதற்கு முன், இப்போது அங்கே துணி துவைப்பவரிடம் பில் எத்தனை நாளில் பாஸாகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்வது, சோப்புத் தூளில் பத்துப் பைசா பேரம் பேசுவதைவிடப் பயனுள்ள வேலை.

துணியின் எடை குறைந்தால் ஏற்படும் இழப்பு இவற்றைவிடப் பெரிது. 1,20,000 கிலோ என்பது மருத்துவமனையின் மதிப்பீடு, உறுதிமொழி அன்று. அது ஒரு லட்சமாகக் குறைந்தால் சோப்பும் மின்சாரமும் மிச்சமாகும், கூலியும் போட்ட முதலும் குறையாது. முதல் ஆண்டுக் கணக்கில் ஒரு கிலோ குறைந்தால் போகும் வருமானம் 31.43 ரூபாய், மிச்சமாகும் செலவு 12.50 ரூபாய் மட்டுமே. 20,000 கிலோ குறைந்தால் ஆண்டுக்கு ஏறக்குறைய 3.8 லட்சம் ரூபாய் துண்டு விழும். இதை விலையை ஏற்றிச் சரிசெய்ய முயல்வது வீண். அப்படி ஏற்றினால் டெண்டரே கிடைக்காது. மாதத்துக்கு இத்தனை கிலோவுக்குக் குறைந்தாலும் இத்தனை கிலோவுக்கான பணம் உண்டு என்று ஒரு நிபந்தனையை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குவதே வழி. எழுதித் தர மறுத்தால், குறைந்த எடையை வைத்தே அடி விலையைப் புதிதாகக் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும்.

அடி விலை என்பது எழுத வேண்டிய விலை அல்ல. அதற்குக் கீழே எழுதக் கூடாத விலை. மேலே எவ்வளவு வைப்பது என்பது எதிரே யார் நிற்கிறார்கள், கூடத்தில் ஆளும் இயந்திரமும் எவ்வளவு சும்மா கிடக்கின்றன என்பதைப் பொறுத்தது; அதற்கு வாய்பாடு கிடையாது. நண்பர் 33 என்று எழுதலாம் என்று நினைத்து, பிறகு 32 ரூபாய் 50 காசுக்கு வந்தார். அடி விலைக்கு மேலே உள்ள 1 ரூபாய் 7 காசு, வரி போக, நான்கு ஆண்டுக்கும் சேர்த்து இன்றைய மதிப்பில் 2.6 லட்சம் ரூபாய். பில் 120 நாளுக்கு இழுத்தாலும் 67 காசு அதிலேயே அடங்கும். படிவத்தின் ஓரத்தில் இருந்த 27-ஐ அழித்தபோது ரப்பர் காகிதத்தைக் கொஞ்சம் கிழித்துவிட்டது. புதுப் படிவம் ஒன்றை வாங்கி எழுதச் சொல்லி அனுப்பினேன்.